மூக்குவரை பொன்னாடை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், அந்த ஃபேன் போடுகிற சத்தத்தில் நான் சொல்வதில் பாதி காற்றோடு போய்விடும், போகிற பாதியில்தான் கதையே இருக்கும். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், கதை முடிந்ததும் எனக்கு நன்றி மட்டும் யாரும் சொல்லவேண்டாம், ஏன் என்று போகப்போகத் தெரியும்.

வாகைவிளை என்று ஓர் ஊர். அம்மன் கோயில் ஒன்று, பஸ் நிற்க ஒரு முக்கு, அந்த முக்கில் பலவேசத்தின் பரோட்டாக் கடை, கடைக்கு நேர் எதிரே கொம்பையா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கொம்பையாவின் அக்காள் ஆவுடையம்மாளைத்தான் பலவேசம் கட்டியிருந்தார். அதனால் இரண்டு கடைக்கும் நடுவில் தார்ரோடு ஒன்று மட்டுமே இருந்தாலும், ரோட்டைவிட அகலமான வேறு ஒன்றும் அங்கே கிடந்தது, அது கொம்பையாவுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு கோடையில் பலவேசத்தின் தோட்டக் கிணற்றில் மோட்டார் நின்றுபோனது. இறங்கிப் பார் மாப்ளே என்றார் பலவேசம். கயிறு நைந்திருக்கிறது அத்தான், வேறு கயிறு கொண்டாரச் சொல்லுங்கள் என்றான் கொம்பையா. இந்தக் கயிற்றில் யானையைக் கட்டி இறக்கலாம் என்று சிரித்தார் பலவேசம். யானை இறங்கவில்லை, கொம்பையா இறங்கினான். பாதிக் கிணற்றில் கயிற்றின் இரண்டு புரி அறுந்து, மிச்சம் ஒரு புரியில் அவன் தொங்க, பலவேசம் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, அறுபடாத இடத்தில் கயிற்றைப் பிடித்து, பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் சத்தம் கேட்டு ஓடிவருகிற வரைக்கும் விடவே இல்லை. ஆக, கிணற்றில் இறக்கியதும் அவர்தான், ஏற்றியதும் அவர்தான்.

ஏற்றிய கதையைப் பலவேசம் அன்றிலிருந்து சால்னாவோடு சேர்த்தே பரிமாறினார். பயல் உள்ளே கிடந்து அத்தான் அத்தானென்று அழுதான், நான்தான் ஒற்றைக் கையால் தூக்கி வெளியே வீசினேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இறக்கிய கதையைச் சொல்லவே மாட்டார். எதிர்க்கடையில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டே இதைக் கேட்கிற கொம்பையாவுக்குப் பல் கூசும். ஊரில் எவன் வந்தாலும், அத்தானுக்கு நீ உன் தோலைச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் தகும்லே என்று சொல்லிவிட்டுப் போவான். அவனும் ஆமாம் என்பான். ஆமாம் என்று சொன்ன அன்று ராச்சாப்பாடு அவனுக்கு இறங்காது.

இப்படி இருக்கையில் வியாபாரிகள் சங்கத் தலைவர் தங்கத்துரை அண்ணாச்சி மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர், நன்றி உணர்ச்சி மனுசனுக்கு நல்லது, மனசு லேசாகும், தூக்கம் வரும் என்று பேசியிருக்கிறார். நல்ல பேச்சுதான். முதல் பாதியைக் கேட்ட அண்ணாச்சி, சாப்பாட்டுக்குப் பிறகு பேசிய மீதிப் பாதியில் தூங்கிப்போனார். அந்த முதல் பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்: தினமும் காலையில் பாட்டு முடிந்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்து மூன்று பேருக்குச் சத்தமாக நன்றி சொல்லவேண்டும், மூன்றுக்குக் குறையக்கூடாது, சொல்லாத வாசலைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாகைவிளைக்காரர்கள் அதுவரைக்கும் நன்றி என்ற சொல்லை வாயால் சொன்னதே கிடையாது. அது மேடையில் இருக்கிற சொல், கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கிற சொல், ஊர் எல்லையில் வளைவின் பின்பக்கம் எழுதியிருக்கிற சொல். வீட்டுக்குள் யாராவது யாரிடமாவது நன்றி என்றால், ஏன் இவனுக்கு உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இருந்தாலும் சங்கம் சொன்னபிறகு சொல்லாமல் இருக்க முடியுமா. முதல் காலையில் பலசரக்குக் கடைக்காரர் முதல் ஆளாக முன்னால் வந்து, இப்படி ஒரு அரிய திட்டம் தந்த அண்ணாச்சிக்கு நெஞ்சார்ந்த நன்றி என்று சொல்லி வாயை மூடவும், ஆகாயத்திலிருந்து என்றுகூடச் சொல்லமுடியாது, எங்கிருந்தோ, சரிகைக்கரை போட்ட, பளபளவென்று, சிகப்பும் பச்சையுமாக ஒரு பொன்னாடை இறங்கி அண்ணாச்சியின் தோளில் உட்கார்ந்தது.

அண்ணாச்சி கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். ஏற்பாடு பிரமாதம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அன்று மதியத்துக்குள் ஊருக்கே விளங்கிவிட்டது. வாயால் மட்டும் சொன்ன நன்றி எவர் பேருக்குப் போகிறதோ, அவர் தோளில் ஒரு பொன்னாடை விழும். கழற்றினால் கழலும், ஆனால் மடித்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பழையபடி தோளுக்கு வந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார்கள், இரண்டாகி இரண்டும் தோளில் ஏறிக்கொண்டன. அந்தத் துணி உங்களுக்குத் தெரியும். முகம் துடைத்தால் ஈரம் இழுக்காது, போர்த்தினால் குளிர் தாங்காது, இடுப்பில் கட்டினால் நிற்காது, வீட்டுக்கு வீடு பீரோவின் மேல்தட்டில் கிடந்து எதற்கும் ஆகாத ஒரு துணி உண்டே, அதேதான்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வாகைவிளையில் ஆச்சரியப்பட நேரம் கிடையாது, புழங்கத்தான் வழி பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுப்பே சேர்ந்து நன்றி ஐயா என்று கோரஸ் போட்டதில் பெரிய வாத்தியார் பீரோ நடந்து வருகிற மாதிரி நடந்து வந்தார், அவருக்காகப் பள்ளிக்கூட வாசலை இடித்து அகலம் பண்ணினார்கள். எல்லை வளைவின் பின்பக்கம் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எழுதியிருந்ததால் ஊரைவிட்டுப் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் முன்கண்ணாடியிலும் பொன்னாடை வந்து விழுந்து டிரைவருக்கு ரோடு மறைந்தது, அப்புறம் ஏணி வைத்து ஏறி அந்த எழுத்தில் தார் பூசினார்கள். அம்மனுக்கு நாள்தோறும் சொன்ன நன்றியில் அம்மன் முகம் மறைந்து, மூக்குத்தி மறைந்து, கடைசியில் கருவறையில் ஒரு துணி மூட்டைதான் இருந்தது, பூசாரி அதற்கே தீபாராதனை காட்டினார். மழைக்கு நன்றி, மரத்துக்கு நன்றி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர்களால் முக்குப் புளியமரம் தலையிலிருந்து கால்வரை சரிகையாகிக் காக்காய்கள் வேறு ஊருக்குப் போயின. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வீட்டார், மாப்பிள்ளை தம்பி ஒருதடவை அம்மாவுக்கு நன்றி சொல்லட்டும், பார்க்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்; அப்படியே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது.

மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள், அவள் புருசன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன். காலையில் அவள் வாசலில் பேசாமல் நின்றாள். கட்டினவன் கூரையாவது போட்டுக் கொடுத்திருக்கானே, அதுக்காவது ஒரு நன்றி சொல்லும்மா, மனசு லேசாகும் என்றார் அண்ணாச்சி. அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. சரி மாடத்தி சார்பாக நானே சொல்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லிமுடிக்கவும், விழுந்த பொன்னாடை புருசன் தோளுக்குப் போகவில்லை, அண்ணாச்சியின் வாயைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டது, பொழுது சாய்ந்துதான் தானாக அவிழ்ந்தது. அன்றைக்கு ஊருக்கு ஒன்று புரிந்தது. அடிவாங்குகிறவளை நன்றி சொல்லச் சொல்வதும் இன்னொரு அடிதான். அதற்கப்புறம் மாடத்தி வாசலை யாரும் கேட்கவில்லை. அவள் அண்ணன்மார்கள் மட்டும் வந்து புருசனிடம் சில கேள்வி கேட்டார்கள். அது வேறு கதை.

இத்தனை பேர் தோளிலும் விழுந்ததைவிடப் பலவேசத்தின் தோளில் விழுந்ததுதான் அதிகம், ஏனென்றால் உயிர் காத்த அத்தானுக்கு உயிர் பிழைத்த மச்சினன் நன்றி சொல்கிற காட்சியை அண்ணாச்சி தினசரி நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார். காலையில் முதல் பரோட்டா கல்லில் விழுகிற நேரத்துக்குக் கொம்பையா ரோட்டைத் தாண்டிவந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் கைகூப்பி, என் உயிரைக் காத்த தெய்வமே உங்களுக்கு நன்றி என்பான். பொத்தென்று விழும். பலவேசத்துக்கு முதலில் பெருமைதான், நீவி விட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கல்லா மறைந்தது. அப்புறம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் நிற்க முடியாமல் வீட்டில் கட்டிலில் படுக்கப் போட்டார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த மாதத்தில், நெஞ்சுக்குமேல் துணிமலை ஏறிக் கிடக்க, மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய.

பொய் நன்றியால் ஏறியது மெய் நன்றியால்தான் இறங்கும் என்று ஊர் முடிவு கட்டியது. அதனால் கொம்பையாவைக் கூட்டிவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தி, மனசாரச் சொல்லுலே என்றார்கள். அவன் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மனசார என்று நினைத்துக்கொண்டு சொன்னான். ஒன்று விழுந்தது. இன்னும் உருக்கமாகச் சொல்லு என்றார்கள். ஏழேழு பிறவிக்கும் என்று சேர்த்துச் சொன்னான். அது பெரிய சைசில் விழுந்தது. துணி மேலுதட்டுக்கு வந்துவிட்டது.

“இனிமே சொல்லாத மாப்ளே,” என்றார் பலவேசம் துணிக்கு அடியிலிருந்து. “இன்னொண்ணு விழுந்தா மூக்கு மூடிரும்.”

சொன்னால் மூச்சு நிற்கும், சொல்லாமல் விட்டால் அந்த வெயிலில் அந்தப் பாரத்துக்கு அடியில் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசன் தாங்குவார். கொம்பையா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். அக்காள் தாலி தன் நாக்கு நுனியில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசுக்குள் ஒன்றும் ஊறவில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆவுடையம்மாள் அந்த நேரத்தில் கோயிலில் இருந்தாள். அவள் அழவில்லை, நேர்ச்சை நேரவில்லை, தூணில் சாய்ந்து உட்கார்ந்து வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு பிசைகிறவளுக்கு எது சேர்ந்தது எது சேரவில்லை என்று பார்க்கிற கண் உண்டு. ஒவ்வொருவரும் தாயே உனக்குக் கோடி நன்றி என்றார்கள், மூட்டை பெருத்தது. கடைசியில் பால்காரி ஒருத்தி வந்து, கும்பிடக்கூடச் செய்யாமல் மூட்டையைப் பார்த்து முறைத்தாள். மாட்டைக் கொண்டுபோயிட்டியே, உன்மேல எனக்குக் கோவம் தீரலை, அது தனி, ஆனா நேத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வேர்த்து இறங்குச்சு, தலையணை நனைஞ்சு கிடந்தது, அதைத் தொட்டுப் பார்த்துட்டு நான் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூட்டையிலிருந்து ஒரு பொன்னாடை தானாக நழுவிக் கீழே விழுந்தது. அம்மனின் ஒரு கண் தெரிந்தது. நழுவியது மறுபடி ஏறவில்லை.

ஆவுடை எழுந்து நேராக வேப்பமரத்தடிக்கு வந்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து எழுப்பி, கடைக்குப் பின்னாலே மாவுச்சட்டி கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போய் எதிரே உட்காரவைத்தாள்.

“அவுக மேல சோதிச்சுப் பாக்க முடியாது. என்மேல பாரு,” என்றாள். “எனக்கு நன்றி சொல்லு.”

கொம்பையா தொண்டையைச் செருமி, நீ எனக்குச் செய்ததுக்கெல்லாம் நன்றிக்கா என்றான். பொத்.

எல்லாத்துக்கும் என்று சொன்னால் எதற்கும் இல்லை என்று அர்த்தம் என்றாள் ஆவுடை தோளைப் பார்த்துக்கொண்டே. ஒன்றைச் சொல், கண்ணால் பார்த்ததைச் சொல், கையால் தொட்டதைச் சொல். அவன் யோசித்தான். நேற்று மீன்குழம்பில் தலையை எனக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாய் என்றான். விழவில்லை. முன்னே விழுந்ததும் நழுவி மாவுச்சட்டியில் போய் விழுந்தது.

“இதுல நன்றிங்கிற வார்த்தையே இல்லியே.”

“மீன்தலை இருக்கே, அது போதும். வார்த்தை தானா வந்தா வரட்டும், வராட்டி நிக்கட்டும்.”

அப்புறம் அவன் தெம்பாகி, கைகால் விளங்காமல் கிடக்கிறவர்களை நினைத்துப் பார்த்தால் நான் எவ்வளவோ மேல், அதற்காக உனக்கு நன்றி என்றான், அது அண்ணாச்சி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுத்த முறை. பொத். அடுத்தவன் காலை எண்ணி நீ ஏம்லே குளுந்துபோற, அவன் என்ன உனக்குச் சந்தோசம் கொடுக்கவா படுத்துக் கிடக்கான் என்று ஏசினாள். மூன்று சொல்லவேண்டும் என்ற கணக்கில் அவன் மீன்தலைக்கு அடுத்து, பிய்ந்த சட்டைப் பித்தானை அவள் தைத்துக் கொடுத்ததைச் சொன்னான், அதுவும் உண்மைதான், விழவில்லை. மூன்றாவதுக்கு ஒன்றும் அகப்படாமல் முகட்டைப் பார்த்து, ம், காற்று என்றான். சின்னதாக ஒரு துண்டு விழுந்தது.

அன்றைக்கு ஆவுடை கண்டுகொண்டது, மதுரையில் அண்ணாச்சி தூங்கி விட்டுவிட்ட பாதிதான். எண்ணிக்கைக்குச் சொன்னால் மூன்றாவது பொய்யாகும். தினமும் சொன்னால் வாய் பழகி மனசு எழுந்து வெளியே போய்விடும். வாரத்தில் ஒருநாள், ஒரே ஒன்று, வந்தால் சொல்லு, வராத வாரம் வரலை என்று சொல்லிவிட்டுப் போய் உன் வேலையைப் பாரு. வரலை என்று சொல்வதற்குப் பொன்னாடை விழுவதில்லை, அதையும் அவள் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

“சரிக்கா, மீன்தலைக்கு வருது, பித்தானுக்கு வருது, அத்தானுக்கு வரலியே,” என்றான் கொம்பையா. “அவர் முகத்தைப் பார்த்தா கோவம்தான் வருது.”

“அப்ப கோவத்தை முதல்ல சொல்லு. வாசல்ல மாடு படுத்துக் கெடக்கு, பின்னால நிக்கிற ஆளு எப்படி வெளிய வருவாரு.”

“கோவத்தைச் சொன்னா நன்றி கெட்டவன்னு சொல்லமாட்டாவளா.”

“சொல்லுவாவ. சொல்லட்டும்.”

இன்னொரு பயமும் அவனுக்கு இருந்தது, கொஞ்ச நேரம் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிவிட்டு அதையும் சொன்னான். ஒருதடவை மனசாரச் சொல்லிவிட்டால் அப்புறம் சாகிறவரைக்கும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவேண்டும், அவர் மோட்டாரைச் சும்மாவே கட்டிக்கொடுக்கவேண்டும், அதனாலேயே உள்ளே ஏதோ ஒன்று கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. ஆவுடை சிரித்தாள். நன்றி ஒன்றும் அடகுச் சீட்டு இல்லை, சொல்கிறதைச் சொல்லிவிட்டு மோட்டாருக்குக் கூலியைக் கறாராகக் கேள், நானே வாங்கித் தருகிறேன் என்றாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணை மூடு என்றாள். அன்றைக்கு அந்தக் கை வந்து கயிற்றைப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள், அதற்கப்புறம் நடந்ததில் ஒரே ஒரு நாளை எடுத்து, அதில் நீ இல்லாமல் பார் என்றாள். கொம்பையா கண்ணை மூடினான். அவனுக்கு வந்தது அக்காள் மகளின் காதுகுத்து. கிணற்றில் தொங்கியதற்கு அடுத்த தை மாசம், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் சுண்டுவிரலை வாய்க்குள் வைத்துக் கடித்தாளே, அந்தப் பிள்ளை. இப்போது கண்ணுக்குள் பந்தல் இருந்தது, ஆசாரி இருந்தார், பிள்ளை இருந்தாள், மடி இல்லை. பிள்ளை நின்றுகொண்டே இருந்தாள். யாரோ ஒருவர், யாரென்று தெரியவில்லை, ஒரு மரப்பலகையை எடுத்துப்போட்டு இதில் உட்காரு என்றார். கொம்பையா சட்டென்று கண்ணைத் திறந்து சுண்டுவிரலைப் பார்த்தான். கடித்த தடம் லேசாக இருந்தது.

“இப்ப சொல்லு,” என்றாள் ஆவுடை. “நீ தொங்கிக்கிட்டு இருந்தப்ப உனக்கு என்ன கேட்டுச்சு. அவுக ஊர்ல சொல்லுத கதை வேண்டாம். உன் காதுல என்ன கேட்டுச்சு.”

அவன் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது என்றான். என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை. பின்கட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் பரோட்டா மாஸ்டர் மாவை வீசி அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. கொம்பையா அந்தப்பக்கம் திரும்பிப் பார்த்தான். கடையில் மாஸ்டர் எப்போதிலிருந்து இருக்கிறார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். முன்னெல்லாம் அத்தான்தானே வீசுவார், ஆகாயத்தில் குடை மாதிரி விரிந்து இறங்குமே, அதைப் பார்க்கவே பஸ்ஸை நிறுத்துவார்களே. முதலாளி எதுக்குவே வீசணும், கல்லாவில் உட்கார்ந்தாப் போதாதா என்று அவர் சொன்னதை ஊர் முழுவதும் நம்பியது, அவனும் நம்பினான்.

அவன் எழுந்து போனான். ஆவுடை பின்னாலேயே போனாள்.

கட்டிலைச் சுற்றிக் கூட்டம். அண்ணாச்சி வழியை மறித்து, வேண்டாம் தம்பி, மூக்குக்கு ஒரு விரல்கடைதான் இருக்கு என்றார். கொம்பையா அவரை விலக்கிவிட்டுக் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தான். துணிமலைக்கு மேலே இரண்டு கண் அவனைப் பார்த்தன, பயந்து.

“அத்தான். கயிறு நைஞ்சிருக்குன்னு நான் சொன்னேன். நீங்க கேக்கலை. சிரிச்சிய. அதை ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நீங்க சொல்லலை. நான் அழுததை மட்டும் தினமும் சொன்னிய. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.”

நன்றி கெட்ட பய என்று ஒருவர் முணுமுணுத்தார். எல்லாரும் மூக்கையே பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

“ஆனா ஒங்க தோள் கழண்ட சத்தம் எனக்குக் கிணத்துக்குள்ள கேட்டுச்சு. கேட்டதும், சரி, விட்டுருவாவன்னு நெனைச்சேன். விடலை. அந்தத் தோளாலதான் இப்ப கை தலைக்கு மேல போகமாட்டேங்குது, பரோட்டா வீச முடியலை. அதையும் நீங்க யார்கிட்டயும் சொல்லலை. எதிர்க்கடையில இத்தனை நாளா உக்காந்திருக்கேன், எனக்கும் உறைக்கலை. பிள்ளை காதுகுத்துக்கு நான் மடி போட்டு உக்காந்தேன்னா, அது அந்தத் தோள்தான் அத்தான்.”

அவன் நிறுத்தினான். கொஞ்சம் பொறுத்து, நாளைக்கு மோட்டார் கட்டினா கூலி வாங்குவேன் என்று மட்டும் சேர்த்துக்கொண்டான்.

துணிமலை முதலில் அசைந்தது. உச்சியிலிருந்த ஒன்று நழுவியது, அதன் பின்னாலே அடுத்தது, மழைக்காலத்தில் கரை இடிவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கட்டிலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாசலுக்கு, வாசல்படி தாண்டித் தெருவில் சிகப்பும் பச்சையுமாக ஓடின. கோழிகள் விலகி நின்று பார்த்தன. பலவேசம் எழுந்து உட்கார்ந்தார். வியர்வையில் ஊறி, குளத்திலிருந்து எடுத்த ஆள் மாதிரி இருந்தார். ஒரே ஒரு பொன்னாடை மட்டும் இடது தோளில் மிச்சம் இருந்தது.

“ஒண்ணு நிக்குது மாப்ளே.”

“நிக்கட்டும் அத்தான். அவ்வளவு கோவம் மிச்சம் இருக்கு. அது போகும்போது போகும்.”

பலவேசம் அந்தத் துணியின் சரிகையைத் தடவிக்கொண்டே கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார். கயித்தை மாத்தியிருக்கணும்லே, தப்பு என்னுதுதான் என்று கூட்டத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார். ஆனால் கூட்டம் என்றால் அதைத்தானே முதலில் கேட்கும்.

அதற்கப்புறம் ஊர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. எல்லாமே சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் என்மேல் ஏதாவது விழும். பெரிய வாத்தியாருக்குப் பாதிதான் இறங்கியது, மீதிக்கு அவர் நடத்திய பாடம் காரணம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அம்மனுக்கு முகம் வரை வந்தது, கையில் சூலத்தை மட்டும் இன்னும் தேடுகிறார்கள். மாடத்தி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை, ஒரு மழைநாளில் பால்காரியின் வீட்டுப் படியில் நின்று, அவன் அடிச்ச அன்னைக்கு என் பிள்ளைகளைக் கூப்பிட்டு உன் பாயில படுக்கவச்சே என்றாள், அதோடு சரி. நழுவி விழுந்த துணிகளையெல்லாம் சேர்த்துத் தைத்து வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் வெயிலுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். அந்தத் துணி உருப்படியாகப் பயன்பட்டதை உலகத்தில் முதன்முதலில் பார்த்தவர்கள் வாகைவிளைக்காரர்கள்தான்.

ஆனால் அண்ணாச்சி இருக்கிறாரே, அவர் திருந்தினாலும் மேடை திருந்தவேண்டுமே. அந்தப் பந்தலுக்கடியிலேயே ஒரு பாராட்டு விழா வைத்தார். பந்தல் நிறையச் சனம், ஆவுடையம்மாள் நடுநாற்காலியில், ஒரு பக்கம் கொம்பையா, மறுபக்கம் ஒற்றைப் பொன்னாடையோடு பலவேசம். எல்லாரும் பேசி முடித்ததும் அண்ணாச்சி எழுந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, மைக்கை ஒருதடவை தட்டி, கடைசியாக நன்றியுரை என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். கொம்பையா அக்காளின் தோளைப் பார்த்தான், அந்தத் தாளின் நீளத்தைப் பார்த்தான், அந்த நீளத்துக்கு எத்தனை விழும் என்று கணக்குப் போட்டான். பலவேசம் எழுந்து பெண்டாட்டிக்கு முன்னால் வந்து நின்றார், விழுவது தன்மேல் விழட்டும் என்று நினைத்திருப்பார் போல.

ஆவுடை அவரை மெதுவாக விலக்கினாள். மடியில் வாழையிலையில் பொதிந்து வைத்திருந்த அல்வாவை எடுத்தாள், அன்றைக்குக் காலையில் அவளே கிண்டியது, நெய் வழிகிறது, இன்னும் சூடு போகவில்லை. அண்ணாச்சி ‘அன்பார்ந்த’ என்று வாயைத் திறந்த அந்த நேரத்தில் கைநிறைய எடுத்து உள்ளே வைத்தாள். நல்ல பதம் வந்த அல்வா பல்லோடு பல்லை ஒட்டிவைக்கும். அண்ணாச்சி மென்றார். மெல்ல மெல்ல அவர் கண் கலங்கியது, சூட்டினாலா ருசியினாலா தெரியவில்லை, அவர் அவளைப் பார்த்து ஒருதடவை தலையை மட்டும் ஆட்டினார். சனம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. மேலிருந்து ஒன்றும் விழவில்லை.

ஆவுடை விரலில் ஒட்டியிருந்த நெய்யை நக்கிவிட்டு, எட்டி மைக்கின் சுவிட்சை அணைத்தாள்.